வங்கிக் கடனுக்கு வைத்த ஒரு பக்கம்: எங்கே இடித்தது

“தெளிவா எழுதிட்டு வாங்க.” வங்கி அதிகாரி சொன்னது அவ்வளவுதான். எது தெளிவில்லை என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். துணிப்பை தைத்து விற்கும் அக்கா அந்தத் தாளை என்னிடம் கொடுத்து, “நீயே பாருப்பா” என்றார்.

முக்கால் பக்கம் தொழிலின் வரலாறு. கடைசியில் ஒரே வரி: “தொழிலை விரிவுபடுத்த 3 லட்சம் கடன் தேவை. விற்பனையிலிருந்து திருப்பிச் செலுத்தப்படும்.” பணம் எதற்கு, எதிலிருந்து திரும்பும் என்று படிக்கிறவர் தேடும் இரண்டு விஷயமும் அந்த வரியில்தான் இருக்க வேண்டும். இரண்டுமே இல்லை.

வரலாற்றை மூன்று வரியாக வெட்டினேன். அப்புறம் 3 லட்சம் எதற்கு என்று அக்காவைக் குடைந்தேன். தையல் இயந்திரங்கள் 2.5 லட்சம், அதில் அவர் கைப்பணம் 50,000. மீதி 1 லட்சம் துணி வாங்க. இவை இரண்டும் வேறு வேறு கடன். துணியில் போட்ட பணம் பை விற்றதும் திரும்பிவிடும். அதை 3 வருடத் தவணையில் கட்டுவதில் அர்த்தமில்லை. அதனால் இயந்திரத்துக்கு 2 லட்சம் தவணைக் கடன், துணிக்கு, வேண்டும்போது எடுத்து விற்றதும் திருப்பிக் கட்டும் 1 லட்சம் நடைமுறை மூலதன வரம்பு என்று பிரித்தேன்.

திருப்பிக் கட்டும் இடம்தான் ரொம்ப நேரம் இழுத்தது. விற்பனை என்பது கையில் நிற்கும் பணம் அல்லவே. கடைசியில் இப்படி எழுதினோம்:

“மாத விற்பனை 1,20,000. துணி, நூல் 62,000, கூலி 24,000, வாடகை, மின்சாரம் 10,000, வீட்டுச் செலவு 12,000. மீதி 12,000. தவணை சுமார் 6,650 (12 சதவீத வட்டி, 36 மாதம்). வரம்புக்கான வட்டி அதிகபட்சம் மாதம் 1,000.”

புது இயந்திரத்தால் வரப்போகும் வருமானத்தை இதில் சேர்க்கவே இல்லை. அக்காவுக்கு அதில் வருத்தம். இன்றைய மிச்சத்திலேயே தவணை அடங்குகிறது என்றால்தான் எதிரில் இருப்பவர் நம்புவார் என்றேன். புது ஆர்டர்களைத் தனியாக ஒரு வரியில் போட்டோம்.

ஒன்று மட்டும் கடைசி நேரத்தில் கண்ணில் பட்டது. தாளில் விற்பனை 1,20,000. வங்கிக் கணக்கில் மாதம் வருவதோ 85,000 சுமார். மீதி ரொக்கம். அதிகாரி முதலில் ஒப்பிடுவது அதைத்தான். “35,000 ரொக்க விற்பனை, பில் புத்தகம் இணைப்பு” என்று சேர்த்தோம்.

இவ்வளவுக்கும் பிறகு போனால், இயந்திரத்தின் கொட்டேஷன் 30 நாள் கெடு தாண்டிவிட்டதாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் தடவையே சொல்லியிருக்கலாம்! கொட்டேஷனின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்; புதிதில் விலை மாறியிருந்தால் தாளில் கடன் தொகை, தவணை இரண்டையும் திருத்த வேண்டும். எங்களுக்கு விலை மாறவில்லை. அடுத்த முறை அதிகாரி பில் புத்தகத்தைப் புரட்டினார், வேறு கேள்வி கேட்காமல் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்.