மேலாளர் மீது புகார்: நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமான கதை

முதலில் எழுதிய புகார் நான்கு பக்கம். ராத்திரி உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. காலையில் படித்தால், “எப்போதும் அவமானப்படுத்துகிறார்”, “என் பதவி உயர்வைக் கெடுக்கவே இப்படிச் செய்கிறார்” என்று என் வேதனைதான் பக்கம் பக்கமாக இருந்தது. என்றைக்கு, என்ன நடந்தது என்று கேட்டால் காட்ட ஒரு வரிகூட இல்லை.

அதை அனுப்பவில்லை. ஒவ்வொரு வரியாக எடுத்து, இது நான் பார்த்ததா, கேட்டதா, ஊகித்ததா என்று பிரித்தேன். பதவி உயர்வு விஷயம் ஊகம், அடித்துவிட்டேன். அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் எப்படிச் சொல்வது? “எப்போதும்” போய், மூன்று சம்பவங்கள் மிஞ்சின.

அதில் ஒன்று இப்படி ஆனது: “மார்ச் 12, காலை 10.30 குழுக் கூட்டம். என் அறிக்கை ஒரு நாள் தாமதமாகியிருந்தது. மேலாளர் குரலை உயர்த்தி, ‘உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது? வெளியே போ’ என்றார். நான் வெளியேறினேன். மாலை 4.15க்கு இதுபற்றி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.” கீழே, அறையில் இருந்த ஐந்து பேரின் பெயர்கள். அவர்கள் எனக்காகப் பேசுவார்கள் என்று எழுதவில்லை, இருந்தார்கள் என்று மட்டும் எழுதினேன். தாமதம் என் தவறுதான். நான் மறைத்திருந்தால் அவர் அதைத்தான் முதலில் எடுத்திருப்பார்.

மூன்றாவது சம்பவத்துக்குத் தேதி நிச்சயமாக நினைவில்லை. “மார்ச் மூன்றாவது வாரம், சரியான தேதி நினைவில்லை” என்றே எழுதினேன். ஒரு தேதி தப்பாகப் போனால் மற்ற தேதிகளையும் சந்தேகிப்பார்கள்.

ஆதாரத்துக்காக அலுவலக மின்னஞ்சல்களை என் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்ளலாமா என்று தோன்றியது. நல்லவேளை, விதிகளைப் படித்தேன். எங்கள் அலுவலகத்தில் அதுவே தனிக் குற்றம். அதனால் ஒவ்வொரு மின்னஞ்சலின் தேதி, நேரம், தலைப்பை மட்டும் குறிப்பிட்டேன். விசாரிப்பவர்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கடைசியில் இரண்டு கோரிக்கைகள்: விசாரணை வேண்டும், அது முடியும்வரை நான் வேறொருவரின் கீழ் வேலை செய்ய வேண்டும். மனிதவளப் பிரிவுக்கு அனுப்பி, கிடைத்ததற்கு எழுத்தில் பதிலும் கேட்டு வாங்கினேன்.

விசாரணையில் மேலாளர், குரலை உயர்த்தியது உண்மை, ‘வெளியே போ’ என்று சொல்லவில்லை என்றார். ஐந்து பேரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். இரண்டு பேர் அந்த வார்த்தைகளைக் கேட்டதாகச் சொன்னார்கள், மற்றவர்கள் நினைவில்லை என்றார்கள். முதல் இரண்டு சம்பவங்களையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது நடந்தது; “உறுதிசெய்ய இயலவில்லை” என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படித்தபோது வலித்தது. இப்போது நான் வேறு குழுவில் இருக்கிறேன்.