தப்பான குரூப்பில் விழுந்த மெசேஜும், மூன்று வரி மன்னிப்பும்

அலுவலகத்தில் ஒருவரைப் பற்றி நண்பரிடம் புலம்ப நினைத்து எழுதியது, அந்த ஒருவரும் இருக்கும் புராஜெக்ட் குரூப்பில் போய் விழுந்தது. வாட்ஸ்அப்பில் இரண்டு சாட்டும் அடுத்தடுத்து இருந்தன, விரல் ஒரு வரி தள்ளிப் பட்டது. இது யாருக்கும் நடப்பதுதான். அதன் பிறகு நான் செய்த சொதப்பல்களைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

மெசேஜ் இதுதான்: "இவர் உட்கார்ந்தா மீட்டிங் முடியாது. பேசிப் பேசியே பொழுது போயிடும், கடைசியில ரிப்போர்ட் நம்ம தலையில." பெயர் போடவில்லை. ஆனால் மீட்டிங் அப்போதுதான் முடிந்திருந்தது. குரூப்பில் யாருக்குமே பெயர் தேவைப்படவில்லை.

பதறிப்போய் மெசேஜை அழுத்திப் பிடித்தேன், குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டேன், முதலில் கைக்கு அகப்பட்டதை அழுத்தினேன். அகப்பட்டது Delete for me. என் போனிலிருந்து மெசேஜ் மறைந்தது. மற்ற எல்லோருடைய போனிலும் அப்படியே இருந்தது. இப்படி அழுத்திவிட்டால் அடியில் Undo என்று ஒரு பட்டை வரும், 5 விநாடி மட்டும் நிற்கும். 2022 கடைசியில் வந்த வசதி அது. நான் அதைப் பார்த்து, என்னவென்று புரிந்து, விரலைக் கொண்டுபோவதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த மெசேஜை நானே நினைத்தாலும் தொட முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். Delete for everyone ஏறக்குறைய இரண்டரை நாள் வரை வேலை செய்யும். 2017-இல் அது வந்தபோது 7 நிமிடம்தான், அந்த அவசரம் இன்னும் நம் கையை விட்டுப் போகவில்லை. உண்மையில் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, எந்தப் பொத்தான் என்று படித்து அழுத்த நேரம் இருக்கிறது. முடிந்தால் அழிக்கும் முன் Info-வை ஒரு கண் பாருங்கள். யார் படித்தார்கள், யாருக்கு வெறுமனே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அதில் தெரியும். நீலக் குறியை அணைத்து வைத்திருப்பவர்கள்கூட குரூப்பில் தப்ப முடியாது, குரூப்புக்கு அந்த அணைப்பு பொருந்தாது. அழித்த பிறகு இந்தத் தகவலும் கூடவே போய்விடும். எனக்குப் போய்விட்டது. அவர் படித்தாரா இல்லையா என்று தெரியாமலே அடுத்த அடியை வைக்க வேண்டியதாயிற்று.

Info-வையும் முழுக்க நம்ப வேண்டாம். 'படிக்கவில்லை' என்று காட்டினாலும், பூட்டிய திரையில் வரும் அறிவிப்பில் இரண்டு வரி மெசேஜை முழுதாகவே படித்துவிடலாம். "இன்னும் பார்க்கல, தப்பிச்சேன்" என்று முடிவு கட்டினால் ஏமாறுவோம்.

என் போனில் இல்லாத மெசேஜை எல்லோருக்கும் அழிக்க ஒரே வழி, குரூப் அட்மின். அட்மினால் பிறர் போட்டதையும் அழிக்க முடியும். அவருக்குத் தனியாக எழுதினேன்: "நான் கடைசியா போட்டதை டெலிட் பண்ணிடுங்க, ப்ளீஸ்." அந்த நல்ல மனிதர் குரூப்பில் வந்து கேட்டார்: "எந்த மெசேஜை டெலிட் பண்ணணும்?" அதுவரை போனைத் திறக்காதவர்களும் திறந்தார்கள். ஒருவர் என் மெசேஜையே மேற்கோள் காட்டி வெறும் கேள்விக்குறி போட்டார். கடைசியில் அட்மின் அழித்தபோது, மெசேஜ் இருந்த இடத்தில் அட்மின் அழித்ததாக ஒரு வரி நின்றது. மேற்கோளில் என் வரிகள் நன்றாகவே தெரிந்தன! அந்தப் பதிலையும் அழிக்கச் சொல்லி மறுபடி கெஞ்ச வேண்டியிருந்தது. நீங்கள் அட்மினிடம் போவதாக இருந்தால் எழுதாதீர்கள், கூப்பிட்டுப் பேசுங்கள். "குரூப்ல எதுவும் கேட்காதீங்க" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் மன்னிப்பு எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது இது:

"சார், ரொம்ப ரொம்ப சாரி. தப்பான குரூப்புக்குப் போயிடுச்சு. உங்களைச் சொல்லல, பொதுவா சொன்னேன். ரெண்டு நாளா சரியா தூக்கமில்ல, ரிப்போர்ட் டென்ஷன் வேற. உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க. உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும்."

அனுப்பும் முன், அந்தப் புலம்பலை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்த நண்பருக்கே போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டார்: "நீ மன்னிப்புக் கேட்கறியா, லீவு லெட்டர் எழுதறியா?" கோபம் வந்தது. பிறகு வரி வரியாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

"தப்பான குரூப்புக்குப் போயிடுச்சு" என்பது நான் வருந்த வேண்டிய விஷயமே இல்லை. அதைப் படிக்கிறவருக்கு என்ன கேட்கும்? 'சரியான இடத்துக்குப் போயிருந்தால் எனக்குத் தெரியாமலே பேசியிருப்பாய்' என்றுதான். விலாசம் மாறியதற்கு மன்னிப்பு வேறு, எழுதியதற்கு மன்னிப்பு வேறு. காயம் இரண்டாவதில் இருக்கும்போது முதலாவதற்கு மட்டும் சாரி சொன்னால் எரிச்சல்தான் கூடும். "உங்களைச் சொல்லல" என்பது பொய், அவருக்கும் தெரிந்த பொய். "கஷ்டப்பட்டிருந்தா" என்ற அந்த 'இருந்தா' பழியை அவருடைய மனசின் மேல் போடுகிறது. தூக்கமின்மை, டென்ஷன் எல்லாம் என் கதை. மரியாதை பற்றிய வரிக்கு அவர் பதிலாக 'ஆமாம்' சொல்ல வேண்டும், அதாவது என்னை அவர் சமாதானப்படுத்த வேண்டும். புண்பட்டவர் தலையிலேயே அந்த வேலையையும் வைப்பது அநியாயம்.

வெட்டியது போக மிஞ்சியதை அனுப்பினேன்:

"சார், கொஞ்ச நேரம் முன்னாடி குரூப்ல நான் போட்டது உங்களைப் பத்தினதுதான். அப்படி எழுதினது தப்பு, மன்னிச்சுக்குங்க. உங்களுக்குத் தோதான நேரத்துல நேர்ல வந்து பேசறேன்."

மூன்று வரி. அழும் பொம்மை, கும்பிடும் கை எதுவும் இல்லை. அவர் படித்தாரா என்று தெரியாத நிலையில் "உங்களைப் பத்தினதுதான்" என்று போடக் கை கூசியது. ஆனால் அட்மினின் புண்ணியத்தில் குரூப் முழுக்கத் தெரிந்த பிறகு, அவருக்கு வேறொருவர் வழியாகப் போவதைவிட இது மேல்.

அடுத்தது குரூப்புக்கு. அவரிடம் சொல்லாமல் குரூப்பில் முதலில் போட்டிருந்தால் அது மற்றவர்கள் பார்க்கப் போடும் நாடகமாகியிருக்கும். அதனால் அவருக்கு அனுப்பியபின் இங்கே ஒரு வரி: "சற்று முன் நான் போட்டது எங்குமே எழுதியிருக்கக் கூடாதது. மன்னிக்கவும்." முதலில் "சம்பந்தப்பட்டவரிடம் பேசிவிட்டேன்" என்றும் சேர்த்திருந்தேன், எடுத்துவிட்டேன். மெசேஜைப் பார்க்காதவர்கள் இரண்டு பேராவது இருந்திருப்பார்கள், 'யார் அந்தச் சம்பந்தப்பட்டவர்' என்று அவர்களைத் தேடவைக்க வேண்டாம். குரூப் மன்னிப்பில் பழைய மெசேஜின் வாசனையே இருக்கக் கூடாது. 'போன் குழந்தை கையில் இருந்தது', 'யாரோ ஹேக் பண்ணிட்டாங்க' போன்றவை பற்றி நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அந்தக் கதைகள் மூல மெசேஜைவிட அதிக நாள் ஓடும்.

பிறகுதான் கஷ்டமான கட்டம். அவருக்குப் போனதில் நீலக் குறி வந்துவிட்டது, பதில் இல்லை. "சார், பார்த்தீங்களா?" என்று அடித்து அழித்தேன். "கோபமா சார்?" என்று அடித்து அழித்தேன். இங்கேதான் சுருக்கமாகக் கேட்ட மன்னிப்பு கெடும். இரண்டாவது மெசேஜ் போட்டால் முதலாவதும் சேர்ந்து நச்சரிப்பாகிவிடும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரிப்போர்ட்டில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வந்தது பதில்: "பார்த்தேன். நாளைக்குப் பேசலாம்." "சரி சார்" என்பதோடு நிறுத்தினேன்.

மறுநாள் பேசியது டீ ஆறுவதற்குள் முடிந்தது. "மீட்டிங் நீளுதுன்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்லியிருக்கணும் சார்" என்றேன். ரிப்போர்ட் பங்கீடு பற்றி எனக்கு நியாயமான குறை ஒன்று இருந்தது, அதை அப்போது எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் பஞ்சாயத்தையும் விரித்தால் இரண்டும் கெடும். சில நாள் கழித்து அவரே எடுத்தார், அப்போது பேசினோம்.

எல்லா மெசேஜுக்கும் இவ்வளவு வேண்டாம். வாங்க வேண்டிய சாமான் பட்டியலோ, யாருக்கோ சொன்ன வாழ்த்தோ தப்பான இடத்துக்குப் போனால் "வேறொருவருக்கு அனுப்ப வேண்டியது, மன்னிக்கவும்" போதும், அழிக்கக்கூட அவசியமில்லை. காரணமில்லாமல் அழித்து வைத்தால்தான் என்னமோ ஏதோ என்று தோண்டுவார்கள். இன்னொருவருடைய அடையாள அட்டையோ சம்பள விவரமோ போய்விட்டால் கதை வேறு. அழித்தபின் குரூப்பில் "டவுன்லோட் செய்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்" என்று சேர்க்க வேண்டும், ஏனென்றால் போனில் ஏற்கெனவே சேமித்தது நாம் அழிப்பதால் போகும் என்ற உத்தரவாதம் இல்லை. அந்த விவரத்துக்கு உரியவரிடமும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

மெயில் என்றால் இன்னும் இறுக்கம். ஜிமெயிலில் Undo Send தானாக 5 விநாடிதான் வைத்திருக்கும். செட்டிங்ஸில் 30 வரை ஏற்றிக்கொள்ளலாம், நான் அன்றே ஏற்றிவிட்டேன். அவுட்லுக்கின் Recall உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே போன மெயிலுக்குத்தான் உதவும். வெளியாளுக்குப் போனதைத் திரும்ப இழுக்கிறேன் என்று அதை நம்பி உட்காராதீர்கள், நேரே மன்னிப்பு மெயிலை எழுதுங்கள்.

கடைசியாக, விடுமுறையிலிருந்து திரும்பிய ஒருவர் குரூப்பில் கேட்டார்: "இங்க என்னமோ டெலிட் ஆகியிருக்கே, என்ன?" நான் குரூப்பில் பதில் போடவில்லை. அவருக்குத் தனியாக, "நான் போட்டது, போட்டிருக்கக் கூடாது, முடிஞ்சுபோச்சு" என்று எழுதினேன். "ஓ, சரி" என்றவர் அடுத்த நிமிடமே ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார்.