ரெண்டு ரன்னும் ஒன்றான பிறகு

"இப்ப ரெண்டு ரன்னும் ஒண்ணாயிடுச்சே அண்ணா, அப்புறம் என்ன பிரச்சனை?" என்று எங்கள் டீமில் புதிய மாடலைச் செய்தவள் கேட்டாள். அன்றைக்கு நான் சொன்ன பதில் சரிதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.

வங்கிப் பரிவர்த்தனைகளில் மோசடியைக் கண்டுபிடிக்கும் கிராஃப் மாடல். பழைய மாடலின் எஃப்1 ஸ்கோர் 0.864. அவளுடைய புதிய மாடலுக்கு முதல் ரன்னில் 0.871, அதே நிரலை மறுபடி ஓட்டினால் 0.866. ரேண்டம் எண்களுக்குத் தொடக்கமாகக் கொடுக்கும் சீட் இரண்டிலும் 42தான். கிட் கமிட் ஒன்றே, `pip freeze` பட்டியல் ஒன்றே, டேட்டா ஃபைலின் `sha256sum` கூட ஒன்றே. வெர்ஷன் விஷயத்தில் அவளைக் குறை சொல்ல இடமே இல்லை.

லாஸ் லாக் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சீட் எங்காவது விடுபட்டிருந்தால் முதல் ஸ்டெப்பிலேயே எண்கள் கண்ணுக்குத் தெரியும்படி வேறாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. முதல் சில ஸ்டெப்புகள் அப்படியே ஒத்துப்போயின. பிறகு ஓரிடத்தில் கடைசி இலக்கம் மட்டும் மாறியது, அந்த வித்தியாசம் மெல்ல மெல்லப் பெருகி, முதல் எபாக் முடிவதற்குள் இரண்டாம் தசமத்துக்கே வந்துவிட்டது. இது சீட் பிரச்சனை இல்லை, கூட்டல் வரிசைப் பிரச்சனை.

கம்ப்யூட்டரில் தசம எண்களைக் கூட்டும்போது வரிசை முக்கியம். பைத்தானிலேயே பார்க்கலாம்:

```python
(0.1 + 0.2) + 0.3   # 0.6000000000000001
0.1 + (0.2 + 0.3)   # 0.6
```

கிராஃப் மாடலில் ஒவ்வொரு கணக்கும் தன் அண்டைக் கணக்குகளின் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளும். அதற்கு நாங்கள் பயன்படுத்தியது `index_add_`. ஜிபியுவில் ஆயிரக்கணக்கான த்ரெட்கள் ஒரே இடத்தில் வந்து கூட்டுகின்றன, எது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சீட் கட்டுப்படுத்துவது ரேண்டம் எண்களை மட்டும்தான். த்ரெட்கள் வந்து சேரும் வரிசை அதன் கையில் இல்லை.

அவள் அன்றே தேடி, ஒவ்வொரு தடவையும் ஒரே விடை தரும் வழிகளையே பயன்படுத்தச் சொல்லும் இந்த ஃபிளாக்கைச் சேர்த்துவிட்டாள்:

```python
torch.use_deterministic_algorithms(True)
```

ஜிபியுவில் மேட்ரிக்ஸ் பெருக்கலைச் செய்யும் லைப்ரரியான கூ-பிளாஸ் பற்றி ஒரு எரர் வந்தது. அது கேட்டபடி `CUBLAS_WORKSPACE_CONFIG=:4096:8` வைத்தாள். ரன் கொஞ்சம் மெதுவானது, ஆனால் எத்தனை தடவை ஓட்டினாலும் 0.869. கடைசி இலக்கம் வரை ஒன்றே. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அந்த எண் மாறாதுன்னுதான் காட்டியிருக்க. மாடல் பழசைவிட நல்லதுன்னு இன்னும் காட்டல" என்றேன். சீட்டை 43 ஆக்கச் சொன்னேன். 0.862 வந்தது. பழையதைவிடக் கீழே. பழையது, புதியது இரண்டையும் பல சீட்களில் ஓட்டி சராசரியும் வீச்சும் போடலாம் என்றேன். அதற்கு நேரமில்லை என்றார் டீம் லீட். வாடிக்கையாளருக்குப் போன அறிக்கையில் 0.869 மட்டும் இருந்தது, "யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்" என்ற வரியோடு. அவர்கள் வேறு வகை ஜிபியு கார்டில் ஓட்டினார்கள், எண் வேறாக வந்தது. பைடார்ச் ஆவணத்திலேயே இருக்கிறது: வெர்ஷனோ தளமோ மாறினால், சீட் ஒன்றாக இருந்தாலும் முடிவு அப்படியே வரும் என்று உத்தரவாதம் இல்லை. எங்கள் வெர்ஷன் பட்டியலில் கார்டின் பெயர் இல்லை.

இதுவரை சொன்னதைப் படித்தால் நான் சொன்னதுதான் நடந்தது போலத் தோன்றும். ஆனால் பிறகு நேரம் கிடைத்தபோது பல சீட்களில் ஓட்டிப் பார்த்தோம். சராசரியில் புதிய மாடல்தான் மேலே. இரண்டின் வீச்சும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தது, அது வேறு விஷயம். அவளைப் பொறுத்தவரை அவள் முதலிலேயே சொன்னதுதான் நிரூபணமானது. இல்லை என்று என்னால் அழுத்திச் சொல்லவும் முடியவில்லை.

தவிர, அந்த ஃபிளாக்கை நான் குறைத்துப் பேசியதும் அவ்வளவு நியாயமில்லை. அப்புறம் ஒருமுறை லாஸ் திடீரென `nan` ஆனபோது, அது இருந்ததால்தான் அதே ஸ்டெப்பில் அதே தப்பை மறுபடி வரவைத்துப் பிடிக்க முடிந்தது. ஒவ்வொரு ரன்னும் வேறு பாதையில் போயிருந்தால் பிழை நிரலிலா இல்லை அன்றைய அதிர்ஷ்டத்திலா என்றே தெரிந்திருக்காது.

இப்போது தவறு தேடும்போது ஃபிளாக்கைப் போடுகிறேன், இறுதி ஒப்பீட்டுக்கு எடுத்துவிட்டுப் பல சீட்களில் ஓட்டுகிறேன். மாடல் எவ்வளவு ஆடும் என்பதும் முடிவின் ஒரு பகுதி என்பது என் கட்சி. அவள் இதை நேர் தலைகீழ் என்கிறாள். சீட்டை மாற்றினாலே ஆட்டம் தெரிந்துவிடுமே, த்ரெட் வரிசையையும் சேர்த்து ஆடவிட்டால் வெளியே போகும் எண்ணை எங்களாலேயே திரும்ப எடுக்க முடியாதே, பிறகு யாரைச் சரிபார்க்கச் சொல்வது என்று கேட்கிறாள். ஒவ்வொரு சீட்டையும் ஃபிளாக்கோடு ஓட்டினால் இரண்டும் கிடைக்கும், மெதுவாக ஓடும் அவ்வளவுதான். அதைச் செய்ய எனக்கு ஏன் மனம் வரவில்லை என்றால், கார்டு வாடகை என்று சொல்லிக்கொள்கிறேன்.