நேர்காணலைத் தள்ளிவைக்கக் கேட்டு ஒரு கடிதம்

மன்னார்குடியில் இருக்கும் என் அக்கா மகளுக்கு மறுநாள் காலை சென்னையில் நேர்காணல். அன்று சாயங்காலம் அத்தானுக்கு நெஞ்சுவலி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். "என்ன மாமா எழுதுறது?" என்று வராண்டாவிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தாள். அழைப்பு வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பச் சொன்னேன். புதிதாக அனுப்பினால் யார், எந்த வேலைக்கு என்று அவர்கள் தேட வேண்டியிருக்கும்.

"ஐயா, நாளை காலை 10 மணிக்குக் கணக்காளர் பணி நேர்காணலுக்கு அழைத்திருந்தீர்கள். இன்று மாலை என் அப்பாவைத் திடீரென மருத்துவமனையில் சேர்த்திருப்பதால் வர இயலவில்லை. இந்தப் பணியில் சேர மிகவும் விரும்புகிறேன். வரும் திங்கள் முதல் புதன் வரை எந்த நேரமானாலும் வருகிறேன், வீடியோ அழைப்பானாலும் சரி. சிரமத்துக்கு வருந்துகிறேன்."

கீழே பெயரும் போன் நம்பரும். அவ்வளவுதான். ஈசிஜி, மாத்திரை விவரமெல்லாம் எழுதியிருந்தாள், எடுக்கச் சொன்னேன். அது வீட்டு விஷயம், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மாற்று நாளைக் கட்டாயம் எழுத வேண்டும். "வேறு நாள் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் பதில் தள்ளிப்போகும்.

ராத்திரி போன மின்னஞ்சலைக் காலையில் பார்ப்பார்கள் என்று நம்பி இருக்கக்கூடாது. அலுவலகம் திறந்ததும் போன் செய்து சொன்னாள். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.