ஹைட்ராலிக் ஜாக் கணக்கில் எந்த விட்டத்தை எடுப்பது?

பாய்ம இயக்கவியல் தேர்வில் ஹைட்ராலிக் ஜாக் பற்றிய கணக்கு வந்தபோது, இது எளிதானது என்று நினைத்து அவசரமாக எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். வாய்பாடு எனக்குத் தெரியாமல் இல்லை; கொடுக்கப்பட்ட விட்டங்களில் எதை எடுக்க வேண்டும் என்பதில்தான் தவறினேன். அந்தக் கணக்கை இங்கே விரிவாகப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு ஜாக்கின் சிலிண்டர் உள்விட்டம் 60 மி.மீ., அதனுள் ஏறி இறங்கும் ராமின் விட்டம் 50 மி.மீ., கைப்பிடியால் இயங்கும் பம்ப் பிஸ்டனின் விட்டம் 12 மி.மீ., அது ஒரு தடவையில் நகரும் தூரம் 20 மி.மீ. எனக் கொடுத்திருந்தார்கள். 5 டன் சுமையை 150 மி.மீ. உயர்த்த எவ்வளவு எண்ணெய் தேவை, பம்பை எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்பது கேள்வி. ராமைச் சுற்றிய சீல் சிலிண்டரின் வாயில் அசையாமல் பொருத்தப்பட்டுள்ளது என்றும் ஒரு வரி இருந்தது. அதை நான் வெறும் வர்ணனை என்று எண்ணிக் கடந்துவிட்டேன்.

முதலில் 5 டன் என்பதை ஒதுக்கி வைக்க வேண்டும். சுமை அழுத்தத்தைத் தீர்மானிக்கிறதே தவிர, எண்ணெயின் கன அளவைத் தீர்மானிப்பதில்லை. சுமை இரட்டிப்பானாலும் அதே உயரத்துக்கு (எண்ணெயின் அமுங்குதலைப் புறக்கணித்தால்) அதே அளவு எண்ணெய்தான் உள்ளே செல்லும். கைப்பிடிதான் இரு மடங்கு கனக்கும்.

எண்ணெய் உள்ளே எங்கே இருக்கிறது என்று வரைந்து பார்த்தால், எந்த விட்டம் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். சீல் வாயில் நிலையாக இருப்பதால், ராமுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள வளைய இடைவெளியிலும் எண்ணெய் நிரம்பியே நிற்கிறது. ராம் மேலே ஏறும்போது அது எவ்வளவு இடத்தை விட்டு வெளியேறுகிறதோ, அவ்வளவு எண்ணெய் மட்டுமே புதிதாக உள்ளே வர வேண்டும். ஆகவே கணக்கில் வருவது 50 மி.மீ.

ராமின் பரப்பு = π/4 × 5² = 19.63 ச.செ.மீ.
எண்ணெயின் கன அளவு = 19.63 × 15 = 294.5 க.செ.மீ.

நான் 60 மி.மீ.யை எடுத்து 424.1 க.செ.மீ. என்று எழுதியிருந்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 129.6 க.செ.மீ.; 15 செ.மீ. நீளத்துக்கு அந்த வளைய இடைவெளியில் ஏற்கெனவே நிற்கும் எண்ணெய் சரியாக அவ்வளவுதான். அதாவது, ஏற்கெனவே உள்ளே இருந்ததையும் புதிதாக ஊற்ற வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறேன். மாறாக, சீல் பிஸ்டனோடு சேர்ந்து சிலிண்டர் சுவரை உரசியபடி நகரும் அமைப்பாக இருந்தால், சுமையைத் தூக்க 60 மி.மீ. விட்டத்தையே எடுக்க வேண்டும். அப்போது 424.1 சரியான விடையாகிவிடும். எனவே சீல் எதனோடு ஒட்டி நிற்கிறது என்பதை வினாவில் தேடிய பிறகே பேனாவை எடுங்கள்.

பம்ப் பிஸ்டனின் பரப்பு π/4 × 1.2² = 1.131 ச.செ.மீ.; ஒரு அடிக்கு அது தள்ளுவது 2.262 க.செ.மீ. 294.5-ஐ இதனால் வகுத்தால் 130.2 வருகிறது, அடி முழு எண்ணாக இருக்க வேண்டியதால் விடை 131. இதைச் சரிபார்க்க விட்டங்களின் விகிதத்தை வர்க்கமாக்கினால் போதும்: (50/12)² = 17.36, 150 × 17.36 / 20 = 130.2. வர்க்கமாக்க மறந்தால் சுமார் 31 அடிகள் என்று வரும். பார்வைக்கு நம்பும்படியாக இருப்பதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது.

அழுத்தத்தைக் கேட்டால்தான் 5 டன் உள்ளே வருகிறது. 49,050 நியூட்டனை 1963.5 ச.மி.மீ.யால் வகுத்தால் 25 மெகாபாஸ்கல், அதாவது சுமார் 250 பார். இந்த அழுத்தத்தில் எண்ணெயும் சிறிது அமுங்கும். அதன் பருமக் குணகத்தை 1500 மெகாபாஸ்கல் என்று கொண்டால், 294.5 க.செ.மீ.யில் ஏறத்தாழ 5 க.செ.மீ. குறையும், இரண்டு, மூன்று அடிகள் கூடும். வினாவில் பருமக் குணகம் தரப்படாவிட்டால் இதைச் சேர்க்க வேண்டியதில்லை.

பம்பின் கன அளவுத் திறன் 90 விழுக்காடு என்று கொடுத்தால், 130.2-ஐ 0.9-ஆல் வகுத்து 145 அடிகள் என்று எழுத வேண்டும். சிலர் 131 என்று முழுமையாக்கிய பிறகு வகுத்து 146 என்று எழுதுகிறார்கள். முழு எண்ணாக்குவது எப்போதும் கடைசிப் படியில்தான். கசிவால் அடிகளின் எண்ணிக்கைதான் கூடுகிறது. ராமின் அடியில் சேர வேண்டிய எண்ணெய் அப்போதும் 294.5 க.செ.மீ.தான்.