புளி விட்டு மங்கிய கீரைக்குப் பச்சை திரும்புமா? வினாடி வினாவுக்காக அடுப்பில் பார்த்தது

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மொட்டைமாடியில் வினாடி வினா நடத்தி வருகிறேன். இந்த முறை தலைப்பு சமையல் வேதியியல். அதில் ஒரு சுற்று முழுக்க நிறமிகள்: கீரையில் உள்ள பச்சையம், ஊதா முட்டைக்கோஸில் உள்ள அந்தோசயனின், கேரட்டிலும் தக்காளியிலும் உள்ள கரோட்டினாய்டு. எந்தக் காயில் எந்த நிறமி என்று கேட்டால் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் வேறு விதமாகக் கேட்க நினைத்தேன்: சமைக்கும்போது மாறிய நிறம் மறுபடி திரும்புமா? மூன்று நிறமிக்கும் இதில் மூன்று வேறு பதில். ஒவ்வொன்றையும் அடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேள்வி எழுதினேன்.

முதலில் கோஸ். ஊதா கோஸ் எங்கள் பக்கம் தள்ளுவண்டியில் வராது, சூப்பர் மார்க்கெட்டில்தான் வாங்க வேண்டும். நாலைந்து இலையைப் பொடியாக நறுக்கி, கொதித்த தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டினேன். நல்ல ஊதாச் சாறு. எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் ரோஜா நிறம், ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் நீலம். நீலத்தில் மறுபடி எலுமிச்சை பிழிந்தால் நுரைத்துக்கொண்டு ரோஜா நிறத்துக்கே வந்துவிடுகிறது. அந்தோசயனின் மூலக்கூறு புளிப்பில் ஒரு வடிவத்திலும் காரத்தில் வேறு வடிவத்திலும் இருக்கும். சூழல் மாறினால் வடிவமும் மாறும், அதனால் நிறம் போய்ப் போய் வருகிறது. இதற்கும் எல்லை உண்டு. சோடாவைத் தாராளமாகப் போட்டு அடுப்பில் கொதிக்கவிட்டேன். நீலம் பச்சையாகி, அப்புறம் மஞ்சள் தட்டியது. அதில் எவ்வளவு எலுமிச்சை பிழிந்தும் பழைய ரோஜா நிறம் வரவில்லை. அந்த நிலையில் மூலக்கூறின் வளையமே பிளந்து உடையத் தொடங்கியிருக்கும்.

வடசென்னையில் இதைச் செய்கிறவர்கள் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் ரகம். அதில் கோஸைக் கொதிக்கவிட்டால் சோடா போடாமலேயே சாறு நீலத்துக்குச் சாய்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் கொதிக்கும்போது கரியமில வாயுவை விட்டுவிடும், தண்ணீர் கொஞ்சம் காரத்தன்மைக்கு வந்துவிடும். அதனால் வினாடி வினாவுக்குக் கேன் தண்ணீரில் எடுத்த சாறுதான்.

இனி கீரை. எனக்குப் பிடித்த பகுதி இது. ஒரு கட்டு அரைக்கீரையை மூன்று பங்காக்கி, மூன்று பாத்திரத்தில் ஒரே அளவு கேன் தண்ணீர் வைத்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், ஒன்றில் கால் ஸ்பூன் சோடா. மூன்றிலும் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் கீரையைப் போட்டேன்.

முதல் அரை நிமிடம் வெறும் தண்ணீரில் கீரை முன்பைவிடப் பளிச்சென்று ஆனது. பச்சையம் ஒன்றும் கூடிவிடவில்லை. இலைச் செல்களுக்கு இடையில் இருந்த காற்று வெளியேறியதால் உள்ளே இருந்த பச்சை தெளிவாகத் தெரிகிறது. புளிப் பாத்திரத்தில் அந்தப் பளிச்சைப் பார்க்கவே நேரமில்லை, ஐந்து நிமிடத்துக்குள் பாசியும் பழுப்பும் கலந்த நிறம். சோடாவில் இருந்தது கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆனால் இலை கையில் எடுத்தால் கொழகொழவென்று வழிந்தது. வடித்த தண்ணீரும் பச்சையாக இருந்தது.

பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கும். சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்றுவிடும், அந்த இடத்தில் இரண்டு ஹைட்ரஜன் வந்து சேரும். அப்படி ஆனதற்குப் பெயர் பியோஃபைட்டின், நிறம் மங்கிய பாசிப் பழுப்பு. புளியே விடாவிட்டாலும் அதிக நேரம் வேகவைத்தால் இலைக்குள் இருக்கும் அமிலமே இந்த வேலையைச் செய்துவிடும். கீரையை மூடாமல் வேகவிடு என்று அம்மா சொல்வது இதனால்தான் பலிக்கிறது: ஆவியாகக்கூடிய அமிலங்களில் ஒரு பங்கு வெளியே போய்விடும். சோடா அமிலத்தை முறித்து மெக்னீசியத்தைக் காப்பாற்றுகிறது. கூடவே மூலக்கூறின் எண்ணெய்ப் பசையுள்ள நீண்ட வாலையும் வெட்டிவிடுகிறது. வால் போனபின் அது தண்ணீரில் கரையும், வடித்த தண்ணீர் பச்சையாக இருந்தது அதனால்தான். செல் சுவரும் இளகிவிடுவதால் இலை கொழகொழவென்று ஆகிறது. சாப்பிட நான் சோடா போடமாட்டேன், வைட்டமின் சி-யும் தயமினும் காரத்தில் சீக்கிரம் அழியும்.

சரி, இப்போது நம் கேள்வி. மங்கிப்போன புளிக் கீரையை ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சோடா தூவினேன். நுரை பொங்கியது. அமிலம் முழுக்க முறிந்ததா என்று பார்க்கக் கோஸ் சாறு உதவியது. வெள்ளைச் சாஸரில் சாறு ஒரு சொட்டு, பக்கத்தில் கீரைத் தண்ணீர் ஒரு சொட்டு. குச்சியால் இரண்டையும் சேர்த்தபோது முதலில் ரோஜா, கொஞ்சம் சோடாவுக்குப் பிறகு ஊதா, கடைசியில் நீலம். அதாவது தண்ணீர் இப்போது காரம். ஆனால் பாத்திரத்தில் கீரை பழுப்பாகவே இருந்தது. திரும்பக் கொதிக்கவிட்டும் பச்சை எட்டிப் பார்க்கவில்லை. அமிலத்தைத்தான் சோடா முறிக்கும், கழன்று தண்ணீரில் கலந்த மெக்னீசியத்தைத் தூக்கி நடுவில் வைக்க அதனால் முடியாது.

அந்தக் காலி இடத்தில் செம்போ துத்தநாகமோ போய் உட்காரும், அப்போது பச்சை திரும்பும், போகவும் போகாது. ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பான ஊறுகாய் பளபளவென்று பச்சையாவது இப்படித்தான். அது சாப்பிடக் கூடாத பச்சை. இதை நான் செய்து பார்க்கவில்லை, பிள்ளைகளுக்கு விளக்கமாக மட்டும் சொல்வேன்.

கேரட்டில் நிறம் மாறுவதே இல்லை. எலுமிச்சை, சோடா இரண்டிலும் வேகவைத்தேன், ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருந்தது. தண்ணீரிலும் பெரிதாக நிறம் இறங்கவில்லை. அதே கேரட்டைத் துருவி எண்ணெயில் வதக்கினால் எண்ணெய் உடனே ஆரஞ்சு. கழன்று போக நடுவில் உலோகமும் இல்லை, புளிப்புக்கு வடிவம் மாறும் பழக்கமும் இல்லை. கரோட்டினாய்டின் எதிரி காற்று: திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் வறுத்தால் ஆக்சிஜன் தாக்கி வெளுக்கும். கீரையிலும் கரோட்டினாய்டு உண்டு, பச்சையத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். புளிக் கீரையில் தெரியும் மஞ்சள் சாயல் அதிலிருந்து வருவது.

ஒத்திகை பார்த்தபோது ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி, "அண்ணா, சிவப்புத் தண்டுக்கீரையும் கோஸ் மாதிரிதானே?" என்று கேட்டாள். அதன் சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சை பிழியச் சொன்னேன். நிறம் அசையவில்லை. தண்டுக்கீரையிலும் பீட்ரூட்டிலும் இருப்பது பீட்டாலெயின் என்ற தனிக் குடும்பம். ஒரே செடியில் அதுவும் அந்தோசயனினும் சேர்ந்து இருப்பதில்லை. இந்தக் கேள்வியைச் சுற்றில் சேர்த்துவிட்டேன்.

செய்முறைச் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் பெயர் ஒட்டாத மூன்று தம்ளர்: கோஸ் சாறு, தண்டுக்கீரைத் தண்ணீர், புளியில் வெந்த அரைக்கீரை. கையில் எலுமிச்சையும் சோடாவும் மட்டும். முதல் இரண்டில் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும், மூன்றாவதில் பச்சை ஏன் திரும்பவில்லை என்று ஒரே வரியில் எழுத வேண்டும். "மெக்னீசியம் போய்விட்டது" என்று எழுதினால் முழு மதிப்பெண். "அமிலம் மிச்சமிருக்கிறது" என்று எழுதுகிற அணிக்குக் கோஸ் சாறு ஒரு சொட்டு கொடுத்துச் சோதிக்கச் சொல்வேன், திருத்திக்கொண்டால் பாதி.