காற்றை எண்ணிப் பெட்ரோலை அறிதல்: ஒரு லாகர் நாட்குறிப்பு

மார்ச் 2

கார் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்பதை அதனிடமே கேட்டுப் பதிவு செய்யும் லாகர் ஒன்றைச் செய்யப் போகிறேன். அதற்கான அடாப்டர் வந்துவிட்டது. ELM327 வகை, ப்ளூடூத். ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கென்றே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி, லேப்டாப்போடு இணைத்து, `/dev/rfcomm0` என்ற போர்ட்டாகத் திறந்தேன். நேராக ப்ரோகிராம் எழுதப் போகவில்லை. முதலில் டெர்மினலில் கையால் தட்டிப் பேசிப் பார்த்தேன். கார் என்ன பதில் சொல்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், பின்னால் ஒரு எண் விசித்திரமாக வரும்போது எங்கே தேடுவது என்று தெரியும்.

```
ATZ
ATE0
ATSP0
0100
```

`ATZ` அடாப்டரை ரீசெட் செய்யும். `ATSP0` எந்த ப்ரோட்டோகால் என்பதை அதையே கண்டுபிடிக்கச் சொல்லும். இஞ்சின் சாவி அணைந்திருந்தால் `0100`க்கு `UNABLE TO CONNECT` என்று வரும். சாவியைத் திருப்பியதும் `41 00` என்று தொடங்கும் பதில் வந்தது. அப்புறம் ஆவலோடு `015E` கேட்டேன். மணிக்கு எத்தனை லிட்டர் எரிகிறது என்பதை நேரடியாகச் சொல்லும் எண் அது. பதில், `NO DATA`.

இது எதிர்பார்த்ததுதான். பல பெட்ரோல் கார்கள் அந்த எண்ணைத் தருவதில்லை. ஆனால் `0110` கேட்டதும் `41 10 01 22` வந்தது. இஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரின் அளவு அது. 0122 என்பது பத்தடிமானத்தில் 290. நூறால் வகுத்தால் வினாடிக்கு 2.9 கிராம் காற்று. போதும், இதை வைத்து வேலை செய்யலாம்.

மார்ச் 3

கணக்கின் அடிப்படையை எழுதி வைக்கிறேன். பெட்ரோல் இஞ்சின் சாதாரண ஓட்டத்தில் 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்ற விகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்து, இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு அதைச் சரிசெய்துகொண்டே இருக்கும். ஆக, காற்று தெரிந்தால் பெட்ரோல் தெரியும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 745 கிராம் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்றைய 2.9 கிராமை 14.7ஆல் வகுத்து, 745ஆல் வகுத்து, 3600ஆல் பெருக்கினால் மணிக்கு 0.95 லிட்டர். கார் நின்றபடி ஐடிலில் இருக்கும்போது! சிக்னலில் அணைத்து வைப்பவர்கள் சும்மா அணைக்கவில்லை.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இந்த வழியில் வர வேண்டாம். டீசல் இஞ்சின் எப்போதும் தேவைக்கு மிஞ்சிய காற்றை இழுக்கும். சக்தியைக் கூட்டிக் குறைப்பது டீசலின் அளவு மட்டுமே. காற்றை வைத்து அங்கே எதையும் சொல்ல முடியாது.

மார்ச் 5

பைத்தானில் `obd` லைப்ரரியை வைத்து லாகர் எழுதினேன். மையப்பகுதி இவ்வளவுதான்:

```python
import obd, time
c = obd.OBD("/dev/rfcomm0")
t0 = time.monotonic()
litre = 0.0
while c.is_connected():
    r = c.query(obd.commands.MAF)
    t1 = time.monotonic()
    if not r.is_null() and t1 - t0 < 2:
        litre += r.value.magnitude * (t1 - t0) / 14.7 / 745
    t0 = t1
```

இதில் முக்கியமானது `t1 - t0`. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர எடுக்கும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். ஐந்தாறு எண்களைச் சுற்றிச் சுற்றிக் கேட்டால் ஒரு சுற்று அரை வினாடியைத் தாண்டவும் செய்யும். ஒரு வரிக்கு இத்தனை வினாடி என்று முன்கூட்டியே வைத்துக் கூட்டினால் லிட்டர் கணக்கு மெல்ல விலகிப் போகும், விலகியதே தெரியாது. உண்மையான இடைவெளியால் பெருக்கினால் அந்தக் கவலை இல்லை. இரண்டு வினாடிக்கு மேல் இடைவெளி இருந்தால் அதைக் கூட்டாமல் விடுகிறேன். கோப்பில் அந்த ஓட்டையைத் தனியாகக் குறித்துக்கொள்கிறேன்.

காற்றோடு கூடவே வேகம், ஆர்பிஎம், த்ராட்டில், ஃப்யூயல் ஸ்டேட்டஸ், ஃப்யூயல் ட்ரிம், இரண்டாவது ஆக்ஸிஜன் சென்சார் எல்லாவற்றையும் சிஎஸ்வியில் எழுதுகிறேன். கணக்குக்கு இப்போது தேவைப்படாதவையும் இருக்கட்டும். ஓடி முடிந்த பயணத்தைத் திரும்ப அளக்க முடியாது.

ஓட்டும்போது லேப்டாப் திரையைப் பார்ப்பது கூடவே கூடாது. மூடி பின்சீட்டில் வைத்துவிடுகிறேன். மூடினால் தூங்கிப்போகாமல் இருக்க:

```
systemd-inhibit --what=handle-lid-switch python3 log.py
```

மார்ச் 6

டேங்க்கை நிரப்பியாயிற்று. பம்ப் தானாக நின்றதும் நிறுத்திக்கொண்டேன், மேலே ஊற்றவில்லை. அடுத்த முறையும் அதே போல நிறுத்த வேண்டும். இனி ஒவ்வொரு பயணமும் லாகில் ஏறும்.

மார்ச் 21

இன்று மறுபடி நிரப்பினேன். ஓடோமீட்டரில் 489 கிமீ. பம்ப் காட்டியது 31.4 லிட்டர். லிட்டருக்கு 15.6 கிமீ. லாகரின் கூட்டுத்தொகை 35.1 லிட்டர். அதாவது லிட்டருக்கு 13.9 கிமீ.

3.7 லிட்டர் வித்தியாசம். பம்ப் நிற்கும் இடம் முறைக்கு முறை கொஞ்சம் மாறும். அதற்கு அரை லிட்டர் விட்டுக்கொடுத்தாலும் இது அதில் அடங்காது. லாகில் ஓட்டையும் இல்லை. இருந்திருந்தால் தொகை குறைந்திருக்கும், இங்கே கூடியிருக்கிறது. ஆக, எரியாத பெட்ரோலை எங்கோ எரிந்ததாகச் சேர்த்திருக்கிறது.

இதை ஒரே பெருக்கெண் போட்டு 31.4க்கு இழுத்துவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. நெடுஞ்சாலைப் பயணத்துக்கும் நெரிசலுக்கும் அதே பெருக்கெண் பொருந்தும் என்று யார் சொன்னது?

மார்ச் 22

ஒரு நீண்ட இறக்கத்தின் வரிகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். கியரில் இருக்கிறது, ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை, ஆர்பிஎம் 2100. மாஃப் 3.6 கிராம். கணக்குப்படி மணிக்கு 1.2 லிட்டர் எரிகிறது. உண்மையில் அந்த நேரத்தில் இசியு இஞ்செக்டர்களை மூடிவிடுகிறது. சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றுகிறது. காற்று மட்டும் உள்ளே போய் வெளியே வருகிறது. என் கணக்குக்குக் காற்றுதான் தெரியும், அதனால் இல்லாத பெட்ரோலைக் கூட்டிவிட்டது.

இந்த வரிகளைப் பிரித்தெடுப்பது எப்படி? ஃப்யூயல் ஸ்டேட்டஸ், அதாவது `0103`, இயல்பான ஓட்டத்தில் 02 காட்டும். இறக்கத்தில் 04 காட்டுகிறது. ஆனால் 04க்கு விதியிலேயே இரண்டு அர்த்தம் உண்டு: பெட்ரோல் துண்டிப்பு, அல்லது அதிக பாரத்தில் ஆக்ஸிஜன் சென்சாரைக் கவனிக்காமல் ஓடுவது. முழு த்ராட்டிலில் முந்தும்போதும் அதே 04. அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யம் போட்டால், அதிகம் குடிக்கும் நேரத்தையே கணக்கிலிருந்து எடுத்ததாகிவிடும்.

இங்கேதான் இரண்டாவது ஆக்ஸிஜன் சென்சார் உதவியது. இறக்கத்தில் `0115`க்கு `41 15 06 FF`. 06ஐ 200ஆல் வகுத்தால் 0.03 வோல்ட். வெறும் காற்று என்று அர்த்தம். முந்தும் இடத்தில் `41 15 AA FF`, 0.85 வோல்ட். பெட்ரோல் தாராளமாக இருக்கிறது. ஆனால் இந்த சென்சார் கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னால் இருப்பதால் சில வினாடி தாமதமாகத்தான் விழுகிறது. அதனால் அதைச் சாட்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். விதி இப்படி: ஸ்டேட்டஸ் 04, த்ராட்டில் ஐடில் அளவில், கார் ஓடுகிறது. மூன்றும் சேர்ந்தால் பெட்ரோல் பூஜ்யம். வேகம் குறைந்து ஆர்பிஎம் 1200ஐ நெருங்கும்போது ஸ்டேட்டஸ் தானாக 02க்குத் திரும்புவதும் லாகில் தெரிகிறது. இஞ்சின் நின்றுவிடாமல் இருக்க பெட்ரோல் மறுபடி தொடங்கும் இடம் அது.

அதே கோப்புகளை மறுபடி ஓட்டினேன். 35.1 லிட்டர் 33.1 ஆனது.

மார்ச் 24

இன்னும் 1.7 லிட்டர் மிச்சம். அடுத்த சந்தேகம் மாஃப் சென்சாரே கூடுதலாகக் காட்டுகிறதோ என்பது. அதைக் கேட்கவும் ஒரு இடம் இருக்கிறது. `0107`, லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம். இசியு தன் கணக்கைப் பழகப் பழக எந்தப் பக்கம் திருத்திக்கொண்டது என்று சொல்லும். வந்த பதில் `41 07 7A`. 7A என்பது 122. அதிலிருந்து 128ஐக் கழித்து, 128ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் −4.7 சதவீதம். மாஃப் சொல்லும் காற்றுக்கு உரிய பெட்ரோலை விட அவ்வளவு குறைவாகத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறது. ஐடிலில் இந்த எண் சிறிதாகவும், ஓட்டத்தில் பெரிதாகவும் இருக்கிறது.

ஆனால் இதையே நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. இஞ்செக்டர் கூடுதலாகப் பீய்ச்சினாலும், பெட்ரோல் அழுத்தம் கூடியிருந்தாலும் ட்ரிம் இதே மாதிரி கீழே இறங்கும். அப்போது மாஃப் சரியாகத்தான் இருக்கும், ட்ரிம்மால் பெருக்கவே கூடாது. இரண்டில் எது என்பதைச் சொல்லக்கூடியது பம்ப் மட்டும்தான். வரிக்கு வரி லாங் டேர்ம், ஷார்ட் டேர்ம் ட்ரிம் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டேன். 31.7 லிட்டர். பம்ப் 31.4. மாஃப் பக்கம்தான் தராசு சாய்கிறது. ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்ட மாட்டேன்.

ஒரு விஷயம், வேறு யாராவது இதைச் செய்தால்: சாக்கெட்டின் 16ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வரும். கார் அணைந்த பின்னும் அடாப்டர் விழித்தேதான் இருக்கும். நாள்கணக்கில் கார் நிற்கப் போகிறது என்றால் கழற்றி வையுங்கள்.

ஏப்ரல் 9

அடுத்த டேங்க் முடிந்தது. விதிகளைத் தொடவில்லை. லாகர் 28.7, பம்ப் 29.3. இந்த முறை லாகர் குறைவாகச் சொல்கிறது. இரண்டு சதவீதம் என்பதால் பம்ப் நிற்கும் இடத்தின் ஆட்டமாகவும் இருக்கலாம். ஆனால் திசை மாறியது என்னை உறுத்தியது. இந்த டேங்க்கில் பெரும்பாலும் குளிர்ந்த இஞ்சினோடு கிளம்பிய குட்டிக் குட்டிப் பயணங்கள்.

ஏப்ரல் 10

காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பி, `0144` கேட்டேன். இசியு குறிவைக்கும் விகிதத்தைச் சொல்லும் எண். `41 44 70 A3`. 70A3 என்பது 28835. இரண்டால் பெருக்கி 65536ஆல் வகுத்தால் 0.88. அதாவது 14.7 என்பது அந்த நேரத்தில் 12.9தான். அதே காற்றுக்குப் பதினாலு சதவீதம் கூடுதல் பெட்ரோல் போகிறது. ஃப்யூயல் ஸ்டேட்டஸ் 01, இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று. சூடேறி ஸ்டேட்டஸ் 02க்கு மாறியதும் விகிதம் 1.00க்கு வந்து நின்றது.

ஆக, 14.7ஐ மாறாத எண்ணாக வைத்திருக்கக் கூடாது. `COMMANDED_EQUIV_RATIO` என்ற ஒரு நெடுவரிசையை சிஎஸ்வியில் சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு வரியிலும் 14.7ஐ அதால் பெருக்கிய பிறகே வகுக்கிறேன். முழு த்ராட்டிலில் முந்தும் வரிகளும் இதிலேயே சரியாகிவிடும். ஓடி முடிந்த இரண்டு டேங்க்கின் கோப்புகளில் இந்த எண் இல்லை, அவற்றைத் திருத்த வழியில்லை. இன்று மாலை நிரப்பிவிட்டு மூன்றாவதைத் தொடங்குகிறேன்.